‘என்’ என்ற சொல்லும் ‘அவனுடைய’ என்ற சொல்லும்: பராமரிப்பு அறவியல் நீதிக் கோட்பாட்டிடம் கேட்ட கேள்வி

1793ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த அரசியல் நீதி பற்றிய நூலில் வில்லியம் காட்வின் ஒரு தீ விபத்தைக் கற்பனை செய்கிறார். காம்ப்ரே நகரத்துப் பேராயரும் எழுத்தாளருமான ஃபெனெலோனின் மாளிகை எரிகிறது. உள்ளே பேராயரும் அவருடைய பணிப்பெண்ணும் சிக்கியிருக்கின்றனர். ஒருவரை மட்டுமே மீட்க முடியும். காட்வினின் விடையில் தயக்கமில்லை: ஃபெனெலோனையே மீட்க வேண்டும், ஏனெனில் அவர் எழுதவிருக்கும் நூலால் எண்ணற்றோர் பயனடைவர். அந்தப் பணிப்பெண் மீட்பவரின் தாயாகவோ மனைவியாகவோ இருந்தாலும் விடை மாறாது. ‘என்’ என்ற ஒரு மூவிடப்பெயர், நடுவுநிலையான உண்மையின் தீர்ப்பை எப்படி மாற்றிவிட முடியும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. பின்வந்த பதிப்பில் பணிப்பெண் ஆண் பணியாளாகவும் தாய் தந்தையாகவும் மாறினர். முடிவு மட்டும் மாறவில்லை.

காட்வினின் கேள்வி ஆங்கிலத்தில் எளிதாக எழுவதற்கு ஒரு மொழியியல் வசதியும் உண்டு. அம்மொழியில் தந்தையைக் குறிக்கும் சொல் தனியே நிற்கும். ‘என்’ என்பதை அதற்கு முன் வைக்கலாம், எடுக்கலாம். பழந்தமிழில் நிலை வேறு. எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவர் தந்தை. யாய், ஞாய், தாய் என்பனவும் அவ்வாறே. உடையவரைச் சுட்டாமல் உறவை மட்டும் பெயரிட அச்சொற்கள் இடம் தருவதில்லை. ‘என்’ என்பதை அகற்றினால் உறவுச்சொல்லே குலைந்துவிடும். இலக்கணத்திலிருந்து அறத்தை வருவிக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும், காட்வின் ஒரு மேலாடையைப் போலக் கழற்றி வைத்த அந்த ‘என்’, எல்லா மொழிகளிலும் மேலாடையாக இருந்ததில்லை என்பதை இது காட்டுகிறது.

நடுவுநிலை நீதியின் வரலாற்றைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஒருவருடைய நலனை இன்னொருவருடைய நலனைவிடக் கூடுதலாக எண்ணக் கூடாது என்ற பெந்தமின் கணக்கும், எவருக்கும் பொருந்தாத விதியைத் தனக்கு மட்டும் வகுத்துக்கொள்ளக் கூடாது என்ற கான்ட்டின் கட்டளையும், பிறப்பையும் செல்வத்தையும் அறியாமல் சமூக விதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஜான் ரால்ஸின் ‘அறியாமைத் திரை’யும் பரம்பரைச் சலுகைக்கு எதிராக உருவான கருவிகள். சாதியும் குடும்பச் செல்வாக்கும் வாய்ப்புகளை முடிவுசெய்யும் இந்தியச் சூழலில் அக்கருவிகளின் மதிப்பு இன்னும் குறைந்துவிடவில்லை. பராமரிப்பு அறவியல் நடுவுநிலை தேவையா என்று கேட்கவில்லை. நடுவுநிலை விதியை வகுக்க அமர்ந்தவர்கள் யார், அவர்கள் அமர்ந்திருந்த நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளையும் பெற்றோரையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதே அதன் கேள்வி.

1971இல் வெளிவந்த ரால்ஸின் ‘நீதிக் கோட்பாடு’ நூலில் இக்கேள்வி நுழைவதற்கான இடைவெளி இருந்தது. திரைக்குப் பின்னே அமர்ந்து பேசுவோரைக் குடும்பத் தலைவர்களாக எண்ணிக்கொள்ளலாம் என்று அவர் கருதினார். அடுத்த தலைமுறையின் நலனில் அவர்களுக்கு நாட்டம் இருக்கும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் தலைவர் ஒருவர் பேசும்போது அக்குடும்பத்தின் உள்ளே வேலை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது மேசைக்கு வருவதில்லை. சூசன் மோலர் ஓக்கின் 1989இல் எழுதிய நூலின் மையக் குற்றச்சாட்டு இதுவே: மனிதர் நீதியுணர்வைக் கற்கும் முதல் இடம் குடும்பம் என்று சொல்லும் கோட்பாடு, அந்த இடம் நீதியானதா என்று சோதிக்கவில்லை. ஓக்கின் ரால்ஸின் கருவியைக் கைவிடவில்லை. அதைக் குடும்பத்துக்குள்ளும் கொண்டுசெல்லச் சொன்னார். இவா ஃபெடர் கிட்டே 1999இல் வெளியிட்ட ‘அன்பின் உழைப்பு’ இன்னும் ஆழத்திற்குச் சென்றது. கடுமையான அறிவுத்திறன் குறைபாட்டுடன் பிறந்த மகளை வளர்த்த மெய்யியலாளர் அவர். வாழ்நாள் முழுதும் ஒத்துழைக்கும் திறன் கொண்ட உறுப்பினர்களின் சங்கமாகச் சமூகத்தை வரையறுத்தால், அத்திறன் இல்லாதோர் மட்டுமின்றி, அவர்களைப் பராமரிப்பதால் தம் நேரத்தையும் பேரம் பேசும் வலிமையையும் இழந்தோரும் ஒப்பந்தத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றனர் என்று அவர் காட்டினார்.

இந்த விமர்சனத்தின் வேர் உளவியலில் இருக்கிறது. லாரன்ஸ் கோல்பெர்க் 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வுக்குச் சிறுவர்களை மட்டுமே நேர்காணல் செய்தார். அறவளர்ச்சியைப் படிநிலைகளாக அடுக்கிய அவருடைய அளவுகோலின் உச்சியில் பொதுமையான நீதி நெறிகள் இருந்தன. அவர் பயன்படுத்திய சிக்கல்களுள் ஹைன்ஸின் கதை புகழ்பெற்றது. ஹைன்ஸின் மனைவி புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கிறார். மருந்தைக் கண்டுபிடித்தவர் கேட்கும் விலை ஹைன்ஸால் கொடுக்க முடியாதது. அவர் அதைத் திருடலாமா?

கோல்பெர்க்குடன் ஹார்வர்டில் பணியாற்றிய கேரல் கில்லிகன், 1982இல் வெளியிட்ட ‘வேறொரு குரலில்’ என்ற நூலில் பதினொரு வயதுக் குழந்தைகள் இருவரின் விடைகளை அருகருகே வைத்தார். ஜேக் என்ற சிறுவனுக்கு இது உயிருக்கும் உடைமைக்கும் இடையிலான கணக்கு. உயிர் பெரிது, ஆகவே திருடலாம். ஏமி என்ற சிறுமியின் விடை சுற்றி வளைந்தது. திருடினால் ஹைன்ஸ் சிறைக்குப் போக நேரும். அதன் பிறகு மனைவியின் நோய் முற்றினால் அவரைக் கவனிக்க ஆள் இருக்காது. ஆகவே மருந்தாளரிடம் பேசிப் பார்க்க வேண்டும், கடன் கேட்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கோல்பெர்க்கின் அளவுகோலில் ஜேக் மேல்படியிலும் ஏமி கீழ்ப்படியிலும் வைக்கப்பட்டனர்.

இந்த விடைகளைப் பெண்மைக்கும் ஆண்மைக்கும் உரிய இயல்புகளாகப் படித்தவர்கள் பலர். அப்படிப் படித்ததால் எழுந்த சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. பாலின வேறுபாடு குறித்த அனுபவச் சான்றுகளும் வலுவாக அமையவில்லை. ஆனால் ஏமியின் விடையில் பாலினத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவள் சிக்கலுக்குள் காலத்தைக் கொண்டுவந்தாள். காட்வினின் தீ ஒரு நொடியில் முடிந்துவிடும். ஹைன்ஸின் திருட்டு ஓர் இரவில் முடிந்துவிடும். நோயாளியின் வாழ்க்கை அந்த இரவுக்குப் பின்னும் தொடர்கிறது. மறுநாள் காலையிலும் அவருக்கு ஒருவர் வேண்டும். நடுவுநிலைக் கோட்பாடுகள் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுகள் ஒரு நொடித் தேர்வுகள். பராமரிப்பு என்பது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. எடுத்துக்காட்டின் வடிவமே எந்த வினா எழும் என்பதை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

பராமரிப்பை வேலையாகப் பகுத்துக் காட்டியவர் ஜோன் ட்ரொன்டோ. 1993இல் வெளிவந்த நூலில் அவர் அதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். ஒரு தேவை இருப்பதைக் கவனிப்பது முதல் கட்டம். அதை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்று ஏற்பாடு செய்வது இரண்டாம் கட்டம். கையால் செய்யும் நேரடி வேலை மூன்றாம் கட்டம். பராமரிக்கப்படுபவர் அதற்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறார், தேவை உண்மையில் நிறைவேறியதா என்று அறிவது நான்காம் கட்டம். சமூகத்தில் அதிகாரம் உள்ளவர்கள் முதல் இரண்டு கட்டங்களில் நின்றுகொள்கின்றனர். மூன்றாம் கட்டம் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் தள்ளப்படுகிறது என்று ட்ரொன்டோ எடுத்துக்காட்டினார். அதன்பின் பராமரிப்பு அறவியலை வெறும் பெண்மைப் பண்பின் புகழ்ச்சியாகப் படிப்பது கடினமாயிற்று.

நடுவுநிலை மரபு இதற்குச் சொன்ன மிக வலிமையான மறுமொழி பிரையன் பேரியுடையது. 1995இல் அவர் இரண்டு தளங்களைப் பிரித்துக் காட்டினார். அன்றாட வாழ்வில் ஒருவர் தன் தாய்க்கு முதலிடம் தருவதை எந்த அறிவார்ந்த நடுவுநிலையாளரும் தடுக்கவில்லை. அது முதல் தளம். சட்டங்களையும் நிறுவனங்களையும் வகுக்கும்போது மட்டுமே சார்பின்மை வேண்டும். அது இரண்டாம் தளம். விமர்சகர்கள் இரண்டையும் குழப்பிவிட்டனர் என்றார் பேரி. காட்வினுக்கு எதிராக இம்மறுமொழி தேவையற்றது. ரால்ஸுக்காக வாதிடும்போது அது கூர்மையானது. அதைச் சோதிக்க வேண்டிய இடமும் அவர் சுட்டிய இரண்டாம் தளமே. குடும்பப் பராமரிப்பைப் பற்றிய ஒரு பொதுவிதி, சார்பின்றி எழுதப்பட்டபோது, யாரைக் கண்டது, யாரைக் காணவில்லை? இந்தியச் சட்ட வரலாற்றில் இதற்குத் தெளிவான ஒரு சான்று உண்டு.

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு மனைவிக்கும் குழந்தைக்கும் மட்டுமே ஜீவனாம்சம் வழங்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் பெற்றோரும் சேர்க்கப்பட்டனர். போதிய வருவாய் உள்ள ஒருவர், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத தந்தையையோ தாயையோ பராமரிக்க மறுத்தால், மாதந்தோறும் தொகை வழங்குமாறு நீதித்துறை நடுவர் ஆணையிடலாம். அன்று அத்தொகைக்கு 500 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. ஆங்கில மூலத்தில் ‘ஒருவர்’ என்பது பால் காட்டாத சொல். தந்தைக்கும் தாய்க்கும் முன் வரும் மூவிடப்பெயரோ ‘அவனுடைய’ என்று ஆண்பாலில் நின்றது.

மராட்டியத்தின் கல்யாண் நகரில் மருத்துவராக இருந்த திருமணமான மகள் மீது அவருடைய தந்தை இப்பிரிவின் கீழ் மாதம் 500 ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தார். மகள் முதல் மனைவிக்குப் பிறந்தவர். தாய் 1948இல் இறந்துவிட்டார். தந்தை மறுமணம் செய்து இரண்டாம் மனைவியுடன் வாழ்ந்துவந்தார். ‘அவனுடைய தந்தை’ என்று சட்டம் சொல்வதால் மகன் மட்டுமே கடமைப்பட்டவன், மகள் மீது இவ்வழக்கே நில்லாது என்பது மகள் தரப்பின் முதல் ஆட்சேபம். அது கீழே நிராகரிக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விஜயா மனோகர் அர்பட் வழக்கு என்று அறியப்படும் இதில் 1987 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பின் தர்க்கம் பெரிதும் இலக்கணம் சார்ந்தது. நடைமுறைச் சட்டம் தான் வரையறுக்காத சொற்களுக்குத் தண்டனைச் சட்டத்தின் பொருளையே ஏற்கிறது. தண்டனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவோ ‘அவன்’ என்ற மூவிடப்பெயரும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்கிறது. ஆகவே ‘அவனுடைய தந்தை’ என்பது ‘அவளுடைய தந்தை’யையும் உள்ளடக்கும். மகள்கள் மட்டுமே உள்ள பெற்றோர் ஆதரவின்றித் தவிக்கக் கூடாது என்ற சமூகக் காரணத்தையும் நீதிமன்றம் எடுத்துரைத்தது. திருமணத்தால் மகள் மகளாக இருப்பது முடிந்துவிடாது என்றது. கூடவே ஒரு பாதுகாப்பையும் வைத்தது: கணவரின் வருவாயைக் கணக்கில் கொள்ளாமல், மகளுக்கென்று தனியே போதிய வருவாய் இருக்க வேண்டும்.

இதே பிரிவைத் தமிழிலோ இந்தியிலோ முதலில் எழுதியிருந்தால் இந்த ஆட்சேபம் எழுந்தே இருக்காது. தமிழின் ‘தன்’, ‘தம்’ என்பனவும் இந்தியின் ‘அப்னே’ என்பதும் உடையவரின் பாலைக் காட்டுவதில்லை. ஆங்கில மூவிடப்பெயரின் விபத்தை மற்றொரு சட்டப் பிரிவு சரிசெய்தது. நடுவுநிலை நீதி தன் சிறந்த வடிவில் செயல்பட்ட தருணம் இது. சார்பு காட்டிய ஒரு சொல் சார்பற்றதாக விரிக்கப்பட்டது. மகனும் மகளும் சமமாயினர்.

அத்தீர்ப்பு தொடாத வினாக்களும் உள. தாய் இறந்த பின் அந்த மகளை வளர்த்தவர் யார்? தந்தைக்கும் மகளுக்கும் இடையே உறவு எவ்வாறு இருந்தது? தந்தையுடன் வாழும் இரண்டாம் மனைவி நாள்தோறும் அவருக்காகச் செய்யும் வேலை எது? வழக்கு நிற்குமா என்ற ஆட்சேபத்தைத் தீர்க்க இவை தேவைப்படவில்லை. நீதிமன்றத்தின் மீது இதில் குறை கூற இடமில்லை. பாசம் இருந்தால்தான் உணவு என்று சட்டம் சொல்லாதது அதன் வலிமையும்கூட. ஆனால் அந்தச் சட்டகத்தில் இரண்டு இடங்களே இருந்தன: கேட்பவர், கொடுக்க வேண்டியவர். மூன்றாமவராகப் பராமரிப்பை உடலால் செய்பவருக்கு அங்கே இருக்கை இல்லை. தீர்ப்பு செய்தது, கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் மகளையும் சேர்த்தது.

இருபது ஆண்டுகள் கழித்து வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 பட்டியலைத் தெளிவாகவே எழுதியது. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர் பிள்ளைகள். தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாத தொகையை ஆணையிடலாம் என்று சட்டம் வரம்பு கட்டியது. பராமரிப்பு என்பதற்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவ கவனிப்பு என விளக்கம் தந்தது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியக் குடும்பங்களில் மூன்றாம் கட்ட வேலை பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் விளைவு புரியும்: சட்டப்படி கடமை இல்லாதவர் வேலையைச் செய்கிறார், கடமை உள்ளவர் தொகையைக் கொடுத்து அதைத் தீர்த்துவிடுகிறார்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். புனேயில் வசிக்கும் 78 வயது மூதாட்டிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது, விழுங்குவதும் கடினம். மூத்த மகன் ஹைதராபாதில், மகள் நாசிக்கில் இருக்கின்றனர். இளைய மகனும் பள்ளி ஆசிரியையான அவர் மனைவியும் தாயுடன் வாழ்கின்றனர். மருந்து, உடற்பயிற்சி மருத்துவர், அணையாடை ஆகியவற்றுக்கு மாதம் 18,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். மூவரும் ஆளுக்கு 6,000 ரூபாய் என்று பிரித்துக்கொள்கின்றனர். நடுவுநிலைக் கணக்கில் இதில் பிழை இல்லை.

கணக்கில் வராதது இது. படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். உணவு மூச்சுக்குழாயில் போகாதிருக்க நிமிர்த்தி உட்காரவைத்து, குழைவாக, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஊட்டிய பின்னும் அரைமணி நேரம் சாய்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் மருமகள் வேலையை விடுகிறார். அவர் சம்பளம் 15,000 ரூபாய் எனில், இளைய மகனின் குடும்பம் உண்மையில் தரும் பங்கு 21,000 ரூபாய். உறங்காத இரவுகள் தனி. இதை யாரும் முடிவுசெய்யவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. மூவரும் கூடிப் பேசியது 18,000 ரூபாயைப் பற்றித்தான். மருமகள் வேலையை விட வேண்டும் என்பது ஒருவரும் முன்மொழியாமலே நிறைவேறிய தீர்மானம்.

மனத்தாங்கல் எழும்போது மூத்த மகன் நியாயமான தீர்வு என்று ஒன்றைச் சொல்வார்: ஆளுக்கு நான்கு மாதம் அம்மாவை வைத்துக்கொள்வோம். பல இந்தியக் குடும்பங்கள் அறிந்த ஏற்பாடுதான் இது. பிள்ளைகளுக்கு இடையே இது துல்லியமான சமத்துவம். நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலை வேறு. பக்கவாதத்துக்குப் பின் நினைவுக் குழப்பம் உள்ள முதியவருக்கு இடமாற்றமே தீங்கு. புதிய அறையில் கழிவறை எங்கே என்று தெரியாது, இரவில் கலக்கம் கூடும், பழகிய கை ஊட்டாவிட்டால் உணவு குறையும். ஒவ்வொரு வீட்டிலும் அவருடைய பழக்கங்களை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும்; கற்று முடிக்கும்போது தவணை முடியும். எடை குறைவதும், இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து அழுத்தினாலும் வெளிறாமல் இருப்பதும், ஏற்பாடு தோற்றுவிட்டது என்பதற்கான முதல் அறிகுறிகள். ட்ரொன்டோவின் நான்காம் கட்டம் சொல்வது இதைத்தான்: பங்கீடு சமமா என்று பங்குதாரர்களிடம் மட்டும் கேட்டால் போதாது, பெறுபவரின் உடலிலும் அதைப் படிக்க வேண்டும்.

பராமரிப்பு அறவியல் இங்கே மருமகளின் தியாகத்தைப் போற்றி ஒதுங்கிவிடுவதாயின், அதைவிட ஓக்கினின் நீதியே மேல். ஆனால் அது வேறொரு வரிசையில் சிந்திக்கச் சொல்கிறது. முதலில் தேவை: மூதாட்டி ஓரிடத்தில் இருக்க வேண்டும். அடுத்தது பங்கீடு: அவரை நகர்த்த முடியாது என்றால் பராமரிப்பவர்கள் நகர வேண்டும். மகள் மாதத்தில் சில நாட்கள் புனேக்கு வந்து இரவுகளை ஏற்கலாம். வர இயலாத மூத்த மகன் இரவுப் பணியாளருக்கான ஊதியத்தை 18,000 ரூபாய்க்கு வெளியே தரலாம். மருமகள் இழந்த சம்பளம் குடும்பச் செலவாக எழுதப்பட்டு மூவருக்கும் பிரிக்கப்படலாம். வேலையை விடுவதா என்பது அவரிடம் கேட்கப்பட்ட பிறகே முடிவாகலாம். இதிலும் சமத்துவம் இருக்கிறது. அதன் அலகு மட்டும் மாறியிருக்கிறது: ரூபாயும் மாதமும் அல்ல, விழித்திருந்த இரவு.

அந்த இரவுகளை நாடு முதன்முறையாகப் பரவலாக எண்ணியது 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில். அதன்படி குடும்பத்தினரைப் பராமரிக்கும் ஊதியமற்ற வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும், ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டனர். ஈடுபட்டோரின் விகிதமும் பெண்களிடையே 27.6 சதவீதம், ஆண்களிடையே 14 சதவீதம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம். தொகை கொடுத்தோரின் பட்டியலை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை யாரும் கண்டிருக்க முடியாது.

அதே 2019 டிசம்பரில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா மக்களவையில் அறிமுகமானது. பிள்ளைகள் என்பதன் வரையறையில் மருமகனையும் மருமகளையும் சேர்க்க அது முன்மொழிந்தது. மசோதா சட்டமாகவில்லை. ஆயினும் அதன் போக்கு பொருள் பொதிந்தது. இத்தனை காலம் சட்டம் காணாதிருந்த மருமகளை இறுதியில் கண்டபோது, கடமைப்பட்டவராகவே கண்டது. ஏற்கெனவே செய்துவரும் வேலைக்காக எதையேனும் கோரும் உரிமை உள்ளவராக அல்ல. 1987இல் மகள் நுழைந்த அதே வாசல் வழியாகவே மருமகளும் அழைக்கப்பட்டார்.

சட்டத்தின் இரு இருக்கை அமைப்பு எங்கே கொண்டுசெல்லும் என்பதை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த எஸ். வனிதா வழக்கு காட்டியது. கணவருடன் பிணக்கு ஏற்பட்ட பெண்ணை வீட்டிலிருந்து வெளியேற்றக் கணவரின் பெற்றோர் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தினர். கர்நாடக உயர் நீதிமன்றம் வரை வெளியேற்ற ஆணை நின்றது. உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் வசிப்புரிமையை மூத்த குடிமக்கள் சட்டத்தின் சுருக்க விசாரணை ஒன்றால் அழித்துவிட முடியாது என்றது. முதியோரைக் காக்க எழுந்த சட்டம், வீட்டின் மற்றொரு நலிந்தவரை வீதியில் நிறுத்தும் கருவியாகாமல் தடுத்தது இங்கே பராமரிப்பு உணர்வு அன்று. உரிமை என்ற பழைய நீதிச் சொல். பராமரிப்பு அறவியல் தன் எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் இது. உறவின் மொழி மட்டுமே பேசப்படும் வீட்டில், வெளியேறும் வழி இல்லாதவருக்கு உரிமையின் மொழி தேவை. ‘நம்மவர்’ மீதான அக்கறை சாதி எல்லையோடு நின்றுவிடும் சமூகத்தில் அத்தேவை இன்னும் கூடுதல். கூலிக்கு வரும் இரவுப் பணியாளரும் தம் வீட்டில் யாரையோ விட்டுவிட்டுத்தான் வருகிறார் என்பதையும் உறவின் மொழி தானாக நினைவூட்டாது.

கிட்டே முன்வைத்த தீர்வு இரண்டு மொழிகளையும் இணைக்க முயல்கிறது. பிள்ளைபெற்ற தாய் குழந்தையைக் கவனிக்க, அந்தத் தாயைக் கவனிக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவர் ‘டூலியா’ என்ற கோட்பாட்டை உருவாக்கினார். பராமரிக்கப்படுபவர் தமக்குக் கிடைத்ததைப் பராமரிப்பவருக்குத் திருப்பித் தர இயலாது. ஆகவே அந்தக் கைம்மாறு மூன்றாம் தரப்பிலிருந்து, சமூகத்திடமிருந்து வர வேண்டும். ஒப்பந்தத்தின் இரு இருக்கைகளுக்கு அருகே மூன்றாவதாக ஓர் இருக்கை போடுவது இதன் பொருள். கேரளத்தின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் இதற்கு ஓர் இந்திய முன்னோட்டம். படுக்கையில் இருக்கும் நோயாளியை முழுநேரமும் பராமரிப்பவருக்கு, நோயாளிக்கு அன்றிப் பராமரிப்பவருக்கே, மாதம் 600 ரூபாய் வழங்க அது வழிசெய்தது. ஒரு நாளைக்கு 20 ரூபாய். 1973இல் சட்டம் ஒரு தந்தைக்கு அனுமதித்த உச்சவரம்பைவிட, எண்ணளவில், 100 ரூபாய் மட்டுமே அதிகம். தொகை சிறிது, ஆனால் பெறுநரின் பெயர் எழுதும் கட்டத்தில் பராமரிப்பவரின் பெயர் இருக்கிறது.

பேரியின் மறுமொழிக்கும் விடை இங்கேதான் கிடைக்கிறது. விதிகளின் தளத்தில் சார்பின்மை வேண்டும் என்பதில் பராமரிப்பு அறவியலாருக்கு மறுப்பு இருக்கத் தேவையில்லை. விதி எந்தத் தரப்பினரை எண்ணுகிறது என்பதைச் சார்பின்மை தானே தீர்மானிப்பதில்லை. எண்ணப்படுவோரிடையே அது நடுவுநிலையாக இருக்கும். எண்ணப்படாதவரை அது கவனிக்கவே கவனிக்காது.

2024 ஜூலை 1 முதல் 125ஆம் பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. தந்தைக்கும் தாய்க்கும் முன் அதே ‘அவனுடைய’ இன்னும் நிற்கிறது. அதன் பொருளை விளக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, ‘அவன்’ என்பது ஆணையும் பெண்ணையும் திருநரையும் குறிக்கும் என்று முன்பைவிட விரிவாக வரையறுத்துள்ளது. மூவிடப்பெயர் இன்னொரு படி நடுவுநிலை அடைந்திருக்கிறது. இரவில் எழுந்து பக்கம் மாற்றிப் படுக்கவைப்பவரைக் குறிக்க அந்தப் பிரிவில் இன்னும் ஒரு சொல் இல்லை.